தோலில் பெயர் பதிக்கும் கணக்கு

தோல் பட்டையில் உலோகப் பஞ்சுகளால் பெயர் அடிக்கத் தொடங்கும் பெரும்பாலோர், ஸ்கேலை வைத்துச் சம தூரத்தில் புள்ளி வைத்துக்கொண்டு, புள்ளிக்கு ஓர் எழுத்தாக அடிக்கிறார்கள். அடித்து முடித்ததும் பெயர் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விட்டுப்போனது போலவும் தெரிகிறது. மறுபடி ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கிறது. கை நடுங்கிவிட்டது என்று எண்ணி அடுத்த பட்டையில் இன்னும் கவனமாக அளக்கிறார்கள்; அதே குறை மறுபடியும் வருகிறது. காரணம் கையில் இல்லை. ஸ்கேல் அளப்பது தூரத்தை. கண் அளப்பது வேறொன்றை.

அது என்ன என்பதை ஓர் உண்மையான வேலையை வைத்தே பார்க்கலாம். சாவிக்கொத்துக்கான ஒரு தோல் பட்டை: நீளம் 100 மி.மீ., அகலம் 25 மி.மீ., தடிமன் 3 மி.மீ. அதில் 6 மி.மீ. உயரமுள்ள எழுத்துகளால் மாலதி என்ற பெயரைப் பதிக்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பஞ்ச் செட்டில் இருப்பவை ஆங்கிலப் பெரிய எழுத்துகள். எனவே நாம் அடிக்கப்போவது எம், ஏ, எல், ஏ, டி, எச், ஐ என்ற ஏழு எழுத்துகளை.

கண் அளப்பது பரப்பை

ஒவ்வொரு பஞ்சும் ஒரு எஃகுத் தண்டு. அதன் நுனியில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். ஒரு செட்டில் உள்ள தண்டுகள் எல்லாம் ஒரே அகலம். ஆனால் அவற்றின் நுனியில் உள்ள எழுத்துகள் ஒரே அகலம் அல்ல. எம் என்ற எழுத்து 6 மி.மீ. அகலம் இருக்கும்போது, ஐ என்பது 1 மி.மீ. அகலமுள்ள ஒற்றைக் கோடு. தண்டோடு தண்டு ஒட்டி அடித்தால் எழுத்துகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் சமமாகிறது. எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் தாறுமாறாகிறது.

சரி, மையத்தை விட்டுவிட்டு, ஓர் எழுத்தின் ஓரத்திலிருந்து அடுத்த எழுத்தின் ஓரம் வரை சம தூரம் விட்டால்? அதுவும் உதவாது. எச், ஐ ஆகியவற்றின் பக்கங்கள் நேர்க்கோடுகள். ஏ சரிவாக இருப்பதால் அதன் தோளருகே இருபுறமும் முக்கோணமாக இடம் காலியாக இருக்கிறது. எல்லின் வலப்புறம் பாதத்துக்கு மேலே முழுவதும் வெற்றிடம். டியின் கைகளுக்குக் கீழேயும் அப்படியே. இந்த வெற்றிடங்களையும் கண் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மணலைக் கொட்டி நிரப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஏறத்தாழ அதே அளவு மணல் பிடித்தால், பெயர் சீராகத் தெரியும்.

கேம்பிரிட்ஜில் வாழ்ந்த கல்லெழுத்துக் கலைஞர் டேவிட் கிண்டர்ஸ்லி (1915–1995) இந்தச் சிக்கலில் பல ஆண்டுகள் உழைத்தவர். ஒவ்வோர் எழுத்துக்கும் கண் உணரும் ஒரு மையம் உண்டு, அது அளவுகோல் காட்டும் மையம் அல்ல என்பது அவர் கருத்து. அவர் நோக்கம் எளிமையானது: எந்த எழுத்தும் தன் இரு அண்டை எழுத்துகளுக்குச் சரி நடுவில் நிற்பதுபோல் தோன்ற வேண்டும். தோல் வேலைக்கு இது நல்லதொரு சோதனை. பெயரில் அடுத்தடுத்த மூன்று எழுத்துகளை மட்டும் தெரியவிட்டு மற்றவற்றைக் காகிதத்தால் மறையுங்கள். நடு எழுத்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதாகத் தோன்றினால் அங்கே திருத்தம் தேவை.

மாலதியின் ஆறு இடைவெளிகள்

இனி கணக்கைப் போடலாம். நம் பஞ்ச் செட்டில் கோட்டின் தடிமன் 1 மி.மீ. எழுத்துகளின் அகலம் எம் 6, ஏ 5.5, எல் 4, டி 5, எச் 5, ஐ 1 மி.மீ. என்று அளந்து வைத்துக்கொண்டோம். ஏ இரண்டு முறை வருவதால் எழுத்துகள் மட்டும் எடுத்துக்கொள்ளும் இடம் 32 மி.மீ.

எழுத்துகளின் வடிவத்திலேயே அடங்கிய வெற்றிடங்கள் எவ்வளவு? ஏவின் ஒரு பக்க முக்கோணம் சுமார் 8 சதுர மி.மீ. எல்லின் பாதத்துக்கு மேல் 15 சதுர மி.மீ. டியின் ஒரு கைக்குக் கீழே 10 சதுர மி.மீ. எம், எச், ஐ ஆகியவற்றின் பக்கவாட்டில் ஒன்றும் இல்லை.

தண்டின் அகலம் 8 மி.மீ. என்று கொண்டு, தண்டோடு தண்டு ஒட்டி அடித்தால் எம்முக்கும் ஏவுக்கும் நடுவே 22 சதுர மி.மீ. வெற்றிடம் வருகிறது, எல்லுக்கும் அடுத்த ஏவுக்கும் நடுவே 43 வருகிறது. ஏறக்குறைய இரு மடங்கு. பெயர் ‘மால்’ என்று ஒரு துண்டாகவும் ‘அதி’ என்று இன்னொரு துண்டாகவும் பிரிந்து தெரிவதற்கு இதுதான் காரணம்.

எனவே நாம் தொடங்க வேண்டிய இடம் எல்லும் ஏவும் சேரும் இடம். இந்தப் பெயரிலேயே மிகவும் அகன்று தெரியும் ஜோடி அது. இரண்டின் பாதங்களும் ஒரே கோட்டில் தரையைத் தொடுவதால் இஷ்டம்போல் நெருக்கவும் முடியாது. தோலில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே நிற்கும் சுவர் கோட்டின் தடிமனைவிட மெலிந்தால், இரண்டாவது அடியில் அது நொறுங்கி மடிந்துவிடும். அதனால் குறைந்தபட்சம் 1 மி.மீ. விட்டாக வேண்டும். அப்படி விட்டால் அந்த ஜோடியின் வெற்றிடம் 29 சதுர மி.மீ. இதற்குக் கீழே அதைக் கொண்டுவர வழியில்லை. மற்ற ஜோடிகளைத்தான் சற்றுத் தளர்த்தி இதன் அருகே கொண்டுவர வேண்டும். பெயர் எதுவானாலும் இந்த ஒழுங்கு மாறாது: குறைக்க முடியாத ஜோடியை முதலில் கண்டுபிடிப்பது, பிறகு மற்றவற்றை அதற்கு ஏற்ப விரிப்பது.

அவ்வாறு விரித்தபோது கிடைத்த இடைவெளிகள் இவை. எம்–ஏ 2 மி.மீ., ஏ–எல் 2, எல்–ஏ 1, ஏ–டி 0.5, டி–எச் 2, எச்–ஐ 3. வெற்றிடம் என்று பார்த்தால் எல்–ஏ தவிர மற்ற ஐந்தும் 18 முதல் 22 சதுர மி.மீ.க்குள் அடங்குகின்றன. எல்–ஏ ஜோடி 29-இல் நிற்கிறது. ஆனால் எல்லின் மேலுள்ள வெற்றிடத்தில் ஒரு பகுதியைக் கண் அந்த எழுத்தின் உருவமாகவே ஏற்றுக்கொள்வதால் அந்த வேறுபாடு உறுத்தாது. எச்சுக்கும் ஐக்கும் நடுவே 3 மி.மீ., ஏவுக்கும் டிக்கும் நடுவே அரை மி.மீ. மட்டும்; ஏவின் கால் கீழேயும் டியின் கை மேலேயும் இருப்பதால் அங்கே சுவர் மெலிவதில்லை. ஸ்கேலுக்கு இது ஆறு மடங்கு வித்தியாசம். கண்ணுக்கு இரண்டும் சமம்.

பெயரின் மொத்த நீளம் 42.5 மி.மீ. பட்டையின் இரு பக்கமும் 28.75 மி.மீ. விட்டால் பெயர் நடுவில் உட்காரும். ஏழு எழுத்தில் நான்காவதான ஏவைப் பட்டையின் மையத்தில் அடித்துவிட்டு இருபுறமும் போகலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பெயர் முழுவதும் 2 மி.மீ. இடப்புறம் நகர்ந்துவிடும். எம் அகலமாகவும் ஐ ஒடுங்கியும் இருப்பதால் பெயரின் நடு, நடு எழுத்தின் நடுவில் இல்லை.

ஒவ்வொரு பெயருக்கும் இவ்வளவு கணக்குப் போட வேண்டியதில்லை. பஞ்சுகளை ஸ்டாம்ப் பேடில் தொட்டு டிரேசிங் தாளில் தனித்தனியாகப் பதித்து, எழுத்து எழுத்தாக வெட்டி, ஒரு கோட்டின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தால் கண்ணே முடிவு சொல்லும். சற்றுத் தள்ளி வைத்துத் தலைகீழாகவும் பாருங்கள். படிக்க முடியாதபோது இடைவெளி நன்றாகப் புலப்படும். திருப்தி வந்ததும் ஒட்டிவிட வேண்டும். அந்தத் தாள்தான் இனி அளவுகோல். பஞ்சில் மிச்சமிருக்கும் மையைத் துடைத்துவிட்டுத்தான் தோலுக்குப் போக வேண்டும்.

கோடு பிசகாமல்

இடைவெளியில் அரை மி.மீ. பிழையைக் கண் பொறுத்துக்கொள்ளலாம்; வரிசையில் பொறுக்காது. இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்பதைக் கண்டுபிடிப்பதில் மனிதக் கண்ணுக்கு அபாரத் திறமை உண்டு. வெர்னியர் கூர்மை என்று இதைச் சொல்வார்கள். நல்ல வெளிச்சத்தில் தெளிவான கோடுகளாக இருந்தால், கண்ணின் ஒளியுணர் செல் ஒன்றின் அகலத்தையும்விடச் சிறிய விலகலை மூளை பிரித்தறிகிறது. ஆகவே ஒரு எழுத்து மற்றவற்றிலிருந்து 0.2 மி.மீ. இறங்கினாலே பார்ப்பவருக்குத் தெரியும். பஞ்சு 2 பாகை திரும்பினாலும் 6 மி.மீ. எழுத்தின் தலை அதே 0.2 மி.மீ. நகர்ந்துவிடும்.

எழுத்துகளின் காலடியில் ஒரு எஃகு ஸ்கேலைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, தண்டின் தட்டையான பக்கத்தை அதில் சாய்த்து அடிப்பது நல்ல வழி. பஞ்சு திரும்புவதை அது தடுக்கிறது. ஆனால் ஒன்றைச் சோதிக்காமல் இதை நம்பக் கூடாது. விலை குறைந்த செட்டுகளில், தண்டின் ஓரத்திலிருந்து எழுத்தின் காலடி வரையுள்ள தூரம் எல்லாப் பஞ்சுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்கேலில் சாய்த்து 26 எழுத்துகளையும் ஒரு துண்டுத் தோலில் அடித்து, அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எந்தப் பஞ்சு ஏறுகிறது, எது இறங்குகிறது, எது சாய்கிறது என்பது தெரிந்துவிடும். இறங்குகிற பஞ்சுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஒரு தாள் துண்டை வைத்தால் போதும். ஏறுகிற பஞ்சுக்கு ஸ்கேலை அதே அளவு பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

அந்தச் சோதனையிலேயே இன்னொன்றையும் முடித்துவிடலாம். எச், ஐ, எக்ஸ், இஸட் போன்றவை தலைகீழாக அடித்தாலும் ஏறக்குறைய அப்படியே தெரிவதால், எது மேல்பக்கம் என்பதை நாம் கவனிப்பதில்லை. எஸ் அப்படி அல்ல. பெரும்பாலான எழுத்துருக்களில் அதன் மேல் வளைவு கீழ் வளைவைவிடச் சற்றுச் சிறியது. தலைகீழாக அடித்தால் எங்கோ பிழை என்று மட்டும் தெரியும், என்ன பிழை என்று பிடிபடாது. எம்மும் டபிள்யூவும் இடம் மாறிவிடுவதும் உண்டு. ஒவ்வொரு தண்டிலும் நம்மைப் பார்க்க வேண்டிய பக்கத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் நிரந்தரமாகத் தீரும்.

தோலும் ஈரமும்

எல்லாத் தோலும் எழுத்தை ஏற்காது. குரோமியம் உப்பால் பதனிட்ட தோல் மீள்தன்மை உடையது. அடித்த பள்ளம் மெல்ல எழும்பிவிடும். பதிக்க ஏற்றது தாவரத் துவர்ப்பொருளால் பதனிட்ட தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பகுதிகளில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி கடைகளில் இன்று அதிகம் கிடைப்பது குரோம் தோல். வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் குரோம். ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவரத் தோல். உறுதிசெய்ய ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கலாம். தாவரத் தோல் அதை உறிஞ்சிக் கறுக்கும். அந்த ஈரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும்.

நகத்தடம் நிற்பதற்குக் காரணம் கொல்லாஜன் என்னும் புரத நார்கள். தோல் என்பது இந்த நார்கள் பின்னிய அடர்ந்த வலை. தண்ணீர் உள்ளே போனதும் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ இடம் கிடைக்கிறது. அடி விழுந்தால் அவை நசுங்கி நெருங்குகின்றன. ஈரம் காய்ந்ததும் புதிய இடத்திலேயே இறுகிவிடுகின்றன. ஈரம் போதாவிட்டால் நார்கள் நழுவாமல் எதிர்க்கும். பதிவு ஆழமில்லாமல் போகும், மேற்பரப்பு வெடிக்கவும் கூடும். ஈரம் மிகுந்தால் தோல் கஞ்சிபோல் குழைந்து, எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும்.

சரியான ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. ஸ்பாஞ்சால் இருபுறமும் நன்றாக நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நனைந்து கறுத்த மேற்பரப்பு ஏறக்குறைய பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும். ஆனால் புறங்கையில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். மேலே காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, அது ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தக் குளிர்ச்சிதான் அடையாளம். அதுவே அடிக்க ஏற்ற நேரம். அப்போது அடித்தால் பள்ளத்தின் அடி கரும்பழுப்பாக மாறி எழுத்து தனித்துத் தெரியும்.

ஈரத் தோல் அடிபடும்போது பக்கவாட்டில் நீளும். ஏழு அடி விழுவதற்குள் நம் அளவுகள் நகரத் தொடங்கிவிடும். பட்டையின் பின்புறம் முழுக்க ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டினால் இந்த நீட்சி பெருமளவு நிற்கும். மிச்சத்தை இருபுறமும் சமமாகப் பகிர, அடிப்பதை நடு எழுத்திலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் போக வேண்டும்.

ஈரத் தோலில் இரும்புத் தூள் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். துவர்ப்பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்புக் கறை வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியபோது நடந்த அதே வேதிவினை இது. முலாம் உரிந்த பஞ்சும் துருப்பிடித்த ஸ்கேலும் இப்படித்தான் கறையை விட்டுச் செல்கின்றன. ஸ்கேலுக்கு அடியில் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

அடி

ஒட்டி வைத்த டிரேசிங் தாளைப் பட்டையின் மேல் பொருத்தி, ஒவ்வோர் எழுத்தின் இடது காலடியிலும் ஊசியால் ஒரு மெல்லிய புள்ளி வைக்க வேண்டும். டிக்கு மட்டும் அதன் நடுத்தண்டின் காலடியில். புள்ளி எழுத்தின் கோட்டுக்குள்ளேயே விழுவதால், அடித்தபின் அது மறைந்துவிடும். பிறகு தாளை எடுத்துவிட்டு, பஞ்சைப் புள்ளியில் பொருத்திக் கையால் மட்டும் அழுத்திப் பாருங்கள். மங்கலான தடம் தெரியும். அது சரியான இடத்தில் நேராக இருந்தால் அதே தடத்தில் பஞ்சை உட்கார வைத்து அடிக்கலாம். தவறாக இருந்தால் கரண்டியின் முதுகால் தேய்த்தால் மறைந்துவிடும். இந்தக் கட்டம் தாண்டினால் திருத்தம் கிடையாது.

தோலுக்கு அடியில் கிரானைட் துண்டு வேண்டும். மரப்பலகை அதிர்ந்து அடியின் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். எஃகுச் சுத்தியலைவிட மரக் கொட்டாப்புளியோ பிளாஸ்டிக் சுத்தியலோ ஏற்றது. எஃகு துள்ளும், பஞ்சின் தலையையும் சிதைக்கும். பஞ்சைக் கீழ்ப்பகுதியில் பிடித்து, சுண்டுவிரலைத் தோலின் மேல் ஊன்றி, ஒரே அடியாக அடிக்க வேண்டும்.

எல்லா எழுத்துக்கும் ஒரே பலத்தில் அடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஐயின் முகம் 6 சதுர மி.மீ.; எல் 9; எச் 15; எம் ஏறக்குறைய 22. ஒரே அடியின் விசை எம்மில் நான்கு மடங்கு பரப்புக்குப் பகிரப்படுகிறது. எனவே எம் மேலோட்டமாகப் பதியும், ஐ தோலை வெட்டிக்கொண்டு இறங்கும். ஆழமான எழுத்து கறுத்துத் தடித்தும், மேலோட்டமானது மெலிந்தும் தெரிவதால், இடைவெளி எவ்வளவு சரியாக இருந்தாலும் பெயர் சீரற்றே தோன்றும். ஐக்கு ஒரு தட்டு, எம்முக்கு முழு வீச்சு என்று கை பழக வேண்டும். 3 மி.மீ. தோலில் 1 மி.மீ. ஆழம் போதும். அதைத் தாண்டினால் தண்டின் தோள் அருகிலுள்ள எழுத்தின் மேல் தடம் பதித்துவிடும்.

பிழையைப் படித்தல்

அடித்த பட்டையே பிழையின் காரணத்தைச் சொல்லும். ஒரு எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் பஞ்சு செங்குத்தாக நிற்கவில்லை. எழுத்துக்கு அருகில் நிழல்போல் இரண்டாவது விளிம்பு இருந்தால், பஞ்சு துள்ளி வேறிடத்தில் விழுந்திருக்கிறது. பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரே அடி போதாமல் மறுபடி அடித்திருக்கிறோம். எல்லா எழுத்தும் மங்கலாக இருந்தால் ஈரம் குறைவு. விளிம்புகள் உருண்டிருந்தால் ஈரம் மிகுதி. எழுத்தின் மூலைகளில் தோல் கிழிந்திருந்தால், உலோகத்தில் அடிக்கச் செய்த கூர்முனைப் பஞ்சைத் தோலுக்குப் பயன்படுத்தியிருக்கிறோம். தோலுக்கு வேண்டியது தட்டையான முகமுள்ள பஞ்சு.

தமிழ் எழுத்துகளைப் பித்தளையில் தனியாக வெட்டி வாங்கினாலும் இதே கணக்குதான். ரகரம் குறுகியது, ணகரம் அகன்றது. கொம்பும் சுழியும் கோட்டுக்கு மேலும் கீழும் போகும். அங்கே தண்டின் அகலத்தை நம்பி இடைவெளி விட்டால் பிழை இன்னும் பெரிதாகத் தெரியும்.

அடித்த பட்டையை நிழலில் ஒரு நாள் காயவிட்டு, அதன் பிறகே எண்ணெய் தடவுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வளைந்துகொள்ளும், எழுத்து வரிசையும் அதோடு வளையும். பட்டை வெட்டும்போதே அதே தோலில் அதே அகலத்தில் இன்னொரு துண்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். பெயரை முதலில் அதில் முழுவதுமாக அடித்துப் பாருங்கள். தோலில் விழுந்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் தாளிலும் துண்டுத் தோலிலும்தான் செலவாக வேண்டும்.